வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணத்துக்கு ஆதாரம்: ரசீதுகளைப் படமெடுத்து வீட்டில் கோத்து வைத்த அனுபவம்

2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் என் மனைவியின் கைபேசிக்கு வருமான வரித் துறையிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. அவளுடைய பான் எண்ணுக்கு ஒரு கேட்புக் கடிதம் அனுப்பப்பட்டிருப்பதாகவும், இணையதளத்துக்குள் சென்று பதில் தர வேண்டும் என்றும் அதில் இருந்தது. பான் அட்டை எடுத்தபோது அறந்தாங்கியில் உள்ள பிரவுசிங் சென்டர்காரர் தம்முடைய மின்னஞ்சல் முகவரியையே கொடுத்திருந்ததால் கடிதம் அவருக்குப் போய், அவர் அதைப் பார்க்காமலே கிடந்து, பதில் சொல்வதற்கான கெடுவில் பாதி கழிந்த பிறகுதான் எங்கள் கைக்கு வந்தது. 2022-23 நிதியாண்டில் வங்கியில் போட்ட 10 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் வைப்புத் தொகைக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதை ஆவணங்களுடன் விளக்க வேண்டும் என்பதே கடிதத்தின் சாரம். அப்போதைய வருமான வரிச் சட்டத்தின் 133(6) பிரிவைக் குறிப்பிட்டிருந்தார்கள். அது தகவல் கேட்கும் பிரிவுதான், தண்டிக்கும் பிரிவு அன்று என்பது பின்னால் தெரிந்தது. அன்றைக்கு அது தெரியாத என் மனைவி, “என்னங்க, நான் என்ன தப்புப் பண்ணினேன்?” என்று கேட்டு அழுதாள். துபாயில் அல் கூஸ் பகுதித் தொழிலாளர் குடியிருப்பின் மொட்டை மாடியில் நின்றுகொண்டு அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை.

நான் குளிர்சாதனக் காற்றுக் குழாய் பொருத்தும் வேலையில் ஃபோர்மேன். 2018-ஆம் ஆண்டின் நடுவில் துபாய்க்கு வந்தேன். மிகைநேர ஊதியத்தையும் சேர்த்துக் கையில் வரும் 3,200 திர்ஹமில், சாப்பாட்டுக்கும் போனுக்கும் போக மாதம் 2,500 திர்ஹத்தை மனைவியின் சேமிப்புக் கணக்குக்கு அனுப்பி வந்தேன். நான்கு ஆண்டுகளில் அப்படிப் போன பணம் சுமார் 23 லட்சம் ரூபாய். பிள்ளைகளின் படிப்பு, என் அம்மாவின் மருந்து, பழைய கடன் எல்லாவற்றையும் சமாளித்து அவள் மிச்சம் பிடித்ததுதான் அந்த வைப்புத் தொகை. ஒரு நிதியாண்டில் ஒருவர் 10 லட்சமோ அதற்கு மேலோ நிரந்தர வைப்பாகப் போட்டால் வங்கி அதை வருமான வரித் துறைக்கு அறிவித்தாக வேண்டும் என்ற விதி இருக்கிறது. வருமான வரிக் கணக்கே தாக்கல் செய்யாத ஒரு குடும்பத் தலைவியின் பெயரில் அவ்வளவு பெரிய தொகை தெரிந்தால் கேள்வி வருவது இயல்பு. கேள்வி வந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. என் கை உழைப்பின் கூலி அது என்பதைக் காட்டுவதற்குள் நாங்கள் பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எங்கள் இருவருக்கும் தோன்றியது, “பாஸ்புக்கைக் காட்டினால் போதுமே, மாதாமாதம் பணம் வந்தது அதில் இருக்கிறதே” என்பதுதான். புதுக்கோட்டையில் நாங்கள் பார்த்த ஆடிட்டர் பாஸ்புக்கைப் புரட்டிவிட்டு, “இதில் உங்கள் கணவர் பெயர் எங்கே இருக்கிறது?” என்று என் மனைவியிடம் கேட்டாராம். பல வரவுகளில் நெஃப்ட் என்ற சொல்லும், ஒரு நீண்ட எண்ணும், இந்தியாவில் உள்ள ஏதோ ஒரு வங்கியின் பெயரும் மட்டுமே இருந்தன. இதற்குக் காரணம் உண்டு. வளைகுடா நாட்டுப் பணப் பரிமாற்ற நிறுவனங்கள், ரிசர்வ் வங்கி அனுமதித்துள்ள ‘ருப்பீ டிராயிங் அரேஞ்ச்மென்ட்’ என்ற ஏற்பாட்டின்படி, இந்திய வங்கி ஒன்றில் ரூபாய்க் கணக்கு வைத்திருக்கின்றன. நாம் அங்கே திர்ஹம் கட்டியதும், இங்கே அந்த ரூபாய்க் கணக்கிலிருந்து நம் வீட்டார் கணக்குக்குப் பணம் மாற்றப்படுகிறது. ஆகவே பணம் வந்து சேரும் கடைசிக் கட்டம் உள்நாட்டுப் பரிமாற்றமாகவே அமைந்துவிடுகிறது. சில வங்கிகள் அனுப்பியவரின் பெயரையும் பாஸ்புக்கில் அச்சிடுகின்றன. எங்கள் வங்கியில் அது சில மாதங்களில் இருந்தது, பல மாதங்களில் இல்லை. திர்ஹமையும் ரூபாயையும், என் பெயரையும் அவள் கணக்கு எண்ணையும் ஒரே தாளில் சேர்த்துக் காட்டும் ஒரே சான்று, கவுன்டரில் கொடுக்கும் அந்தச் சிறிய ரசீதுதான் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

என் மனைவி ஒழுங்கானவள். 2018 முதல் 2020 பிப்ரவரி வரையிலான ரசீதுகளை நான் பெட்டியில் சேர்த்து வைத்து, விடுமுறையில் ஊருக்குப் போகும்போது கொண்டுபோய்க் கொடுப்பேன். ஊருக்குத் திரும்பும் நண்பர்களிடமும் உறையில் போட்டு அனுப்புவேன். அவள் அவற்றைத் தேதி வாரியாக அடுக்கி, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறைகள் கொண்ட கோப்பில் செருகி, பீரோவில் நிலப்பத்திரத்தோடு வைத்திருந்தாள். ஆடிட்டர் கேட்டதும் கோப்பை எடுத்துத் திறந்தவள், வீடியோ அழைப்பில் எனக்குக் காட்டினாள். பெரும்பாலான தாள்கள் வெள்ளையாக இருந்தன. கீழே அச்சிட்ட நிறுவனத்தின் சின்னமும், நான் பேனாவால் போட்ட கையெழுத்தும் மட்டும் நின்றன. தொகை, தேதி, எண் எதுவும் இல்லை. அதைவிட மோசம், “இதுதான் ரொம்ப முக்கியம்” என்று அவள் தனியாக எடுத்துக் கடையில் கொடுத்து லேமினேட் செய்த சில ரசீதுகள். அவை முழுவதும் கருத்துப் போயிருந்தன. “அழியாம இருக்கணும்னுதாங்க போட்டேன்” என்றாள். அதைக் கேட்டபோது எனக்கு வந்த ஆத்திரம் யார் மீது என்று சொல்லத் தெரியவில்லை. அவள் மீது நிச்சயமாக இல்லை.

இதன் காரணம் அறிந்தவர்களுக்கு எளிது. பணப் பரிமாற்றக் கவுன்டரில் தரும் பெரும்பாலான ரசீதுகளில் மை கிடையாது. தாளின் மேல் ஒரு வேதிப்பூச்சு இருக்கிறது, அச்சு எந்திரத்தின் சூடான முனை பட்ட இடம் கருக்கிறது, அவ்வளவுதான். அதே சூடு தாள் முழுவதும் பட்டால் முழுத்தாளும் கருக்கும். லேமினேட் எந்திரத்தின் உருளைகள் செய்தது அதைத்தான். கோடையில் வண்டியின் முன்பலகையில் வைத்த ரசீது கருப்பதும் இதனால்தான். மறுபுறம், வெளிச்சமும், சட்டைப்பையில் ஊறும் வியர்வையும், கை கழுவும் சானிடைசரும், மென்மையான பிளாஸ்டிக் உறையிலிருந்து கசியும் எண்ணெய்ப்பசை போன்ற பொருளும் அந்தக் கருமையை அழித்துவிடும். செலோ டேப் ஒட்டினால் டேப்பின் அடியில் உள்ள எழுத்துதான் முதலில் போகும். அனல்தாள் ரசீது என்று சந்தேகம் வந்தால் தாளின் ஓரத்தை நகத்தால் அழுத்திக் கீறிப் பாருங்கள், கறுப்புக் கோடு விழுந்தால் அது அந்த வகைத் தாள். அதை எவ்வளவு பத்திரமாக வைத்தாலும் சில ஆண்டுகள்தான் தாங்கும் என்று எடுத்துக்கொள்வதே நல்லது.

எங்களைக் காப்பாற்றியது, யாரும் திட்டமிடாத ஒன்று. 2020 மார்ச்சில் கொரோனாவால் விமானங்கள் நின்றன. ரசீதைக் கொண்டுபோக நானும் போக முடியாது, கொடுத்துவிட ஆளும் இல்லை. “கையில வச்சிருந்தா தொலைஞ்சிடும், போட்டோவாச்சும் அனுப்புங்க” என்று அவள் சொன்னாள். அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் பணம் கட்டிய அன்றே ரசீதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கம் தொடங்கியது. வேறு வழி இல்லாமல் தொடங்கிய அந்தப் பழக்கத்தின் படங்கள்தான் 2024-இல் எழுத்துத் தெளிவோடு நின்றன.

படமெடுப்பதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். முதல் சில மாதப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால் அதில் உள்ள கேடு தெரியும். கட்டிலின் மேல் சுருண்ட தாளை ஒரு கையால் பிடித்து, மறு கையால் ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில், அந்தத் தாளின் வழவழப்பில் வெளிச்சம் பட்டு நடுவில் வெள்ளைப் பொட்டு விழுந்திருந்தது, அந்த இடத்தில்தான் கணக்கு எண் இருந்தது. பிறகு ஒரு முறையை வைத்துக்கொண்டேன். ரசீதைக் கருநிறத் துணியின் மேல் தட்டையாக விரித்து, நான்கு ஓரமும் படத்துக்குள் வருமாறு, ஃபிளாஷ் இல்லாமல், குழல்விளக்கு பக்கவாட்டில் இருக்கும்படி நின்று நேர் மேலிருந்து எடுப்பேன். தாள் நீளமாக இருந்தால் இரண்டு படம் எடுப்பேன், பரிவர்த்தனை எண் உள்ள வரி இரண்டிலும் வர வேண்டும், இல்லாவிட்டால் கீழ்ப்பாதி எந்த ரசீதுடையது என்று பின்னால் யாராலும் சொல்ல முடியாது. எடுத்ததும் படத்தைப் பெரிதாக்கி ஆறு விவரங்களை வாயால் படித்துப் பார்ப்பேன்: தேதி, பரிவர்த்தனை எண், என் பெயர், அவள் கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கம், திர்ஹம், ரூபாய். ஒன்று மங்கலாக இருந்தாலும் அங்கேயே மறுபடி எடுப்பேன். அனுப்பும் நோக்கம் என்ற இடத்தில் ‘குடும்பப் பராமரிப்பு’ என்று பதிவாகியிருக்கிறதா என்பதையும் கவுன்டரிலேயே பார்த்துவிடுவது நல்லது. வரிசையில் அவசரப்படுத்துவார்கள், அதற்காக வேறு எதையாவது அழுத்திவிடும் ஊழியர்களும் உண்டு.

அனுப்புவதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும், கோப்பின் பெயரையும் மாற்றி அனுப்பிய தேதியோடு ஒரு வரிசை எண்ணைக் கொடுத்துவிடும். அதே படத்தை ‘டாக்குமென்ட்’ என்ற வழியாக அனுப்பினால் நாம் வைத்த பெயரும் தெளிவும் அப்படியே போய்ச் சேரும். நான் தேதி, திர்ஹம், ரூபாய் என்ற வரிசையில் பெயர் வைக்கிறேன், உதாரணமாக 2021-04-09_2500_50500.jpg என்று. ஆண்டை முன்னால் எழுதுவதால் கைபேசியும் கணினியும் தாமாகவே கால வரிசையில் அடுக்கிவிடுகின்றன.

வீட்டில் நடந்த வேலைதான் இதில் பெரியது. படம் வந்ததும் என் மனைவி ஜெராக்ஸ் கடைக்குப் போய், ஒரு தாளுக்கு நான்கு படம் வீதம் சாதாரணத் தாளில் அச்செடுத்து வருவாள். அந்த அச்சு டோனர் தூளால் ஆனது, வெயிலுக்கும் வியர்வைக்கும் மங்காது. நீள நோட்டு ஒன்றில் இடப்பக்கத்தில் ரசீதின் அச்சை ஒட்டி, வலப்பக்கத்தில் பாஸ்புக்கில் அந்தப் பணம் வரவான தேதி, தொகை, பாஸ்புக்கின் பக்க எண் ஆகியவற்றைத் தன் கையால் எழுதுவாள். அதன் கீழே அந்த மாதம் பெரிதாகச் செலவானது என்ன என்று ஒரு வரி. “ரசீது வந்துச்சு, காசு வந்துச்சான்னு தெரிய வேணாமா?” என்று அதற்குக் காரணம் சொன்னாள். ஆடிட்டர் பின்னால் எங்களிடம், மற்ற எல்லாத் தாளையும்விட இந்த நோட்டுதான் வேலையைச் சுலபமாக்கியது என்றார். ரசீது பணம் புறப்பட்டதற்குச் சான்று, பாஸ்புக் பணம் சேர்ந்ததற்குச் சான்று, இரண்டையும் இணைக்காமல் தனித்தனியாகக் கொடுத்தால் அதிகாரி உட்கார்ந்து இணைத்துக்கொண்டிருக்க மாட்டார்.

அந்த வலப்பக்கக் குறிப்பின் அருமை 2021 ஏப்ரல் மாதக் கணக்கில் வெளிப்பட்டது. அந்த மாதம் 2,500 திர்ஹம், திர்ஹத்துக்கு 20 ரூபாய் 20 காசு வீதம் 50,500 ரூபாய்க்கு அனுப்பினேன். கட்டணம் 22 திர்ஹம், அதன் மேல் 5 சதவீத மதிப்புக் கூட்டு வரி 1 திர்ஹம் 10 ஃபில்ஸ், ஆக நான் கட்டியது 2,523 திர்ஹம் 10 ஃபில்ஸ். பணம் போய்ச் சேரவில்லை. வங்கிகள் இணைக்கப்பட்டதில் எங்கள் கிளையின் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு மாறியிருந்தது, பழைய குறியீடு செல்லாமல் போய்ப் பணம் திரும்பி வந்தது. நிறுவனம் தொகையைத் திருப்பிக் கொடுத்தது, புதிய குறியீட்டோடு நான் மறுபடி அனுப்பினேன், கட்டணத்தை மறுபடியும் கட்டினேன். ஆகவே அந்த மாதத்துக்கு 50,500 ரூபாய்க்கு இரண்டு ரசீதுகள், பாஸ்புக்கிலோ ஒரே வரவு. நோட்டைப் பார்க்காமல் படங்களை மட்டும் கூட்டினால், அனுப்பியதாக நாங்கள் காட்டும் தொகை வரவை விட 50,500 ரூபாய் அதிகமாக நிற்கும். ஒரு இடத்தில் கணக்கு இடித்தால் மற்ற இடங்களையும் சந்தேகப்படுவார்கள். என் மனைவி முதல் ரசீதின் எதிரே ‘வரவில்லை, திரும்பியது’ என்று எழுதி, திருப்பிக் கொடுத்த சீட்டின் படத்தையும் அங்கேயே ஒட்டியிருந்தாள். பணம் திரும்பிய மாதங்களில் மூன்று தாளையும் சேர்த்துப் படமெடுங்கள்: முதல் ரசீது, திருப்பிய சீட்டு, மறு ரசீது.

இன்னொரு மாதம் எங்களை வேறு விதமாகத் தொல்லைப்படுத்தியது. என் எமிரேட்ஸ் அடையாள அட்டை புதுப்பிப்பில் இருந்தபோது, காலாவதியான அட்டையை வைத்துப் பணம் அனுப்ப முடியாது என்று கவுன்டரில் சொல்லிவிட்டார்கள். அறையில் உடன் இருந்த சிவகங்கைக்காரர் தம்முடைய அட்டையில் என் பணத்தை அனுப்பி உதவினார். தொழிலாளர் குடியிருப்புகளில் இது மாதாமாதம் நடக்கும் சாதாரண உதவி. ஆனால் அந்த ரசீதில் அனுப்பியவராக அவர் பெயர் இருக்கிறது. கணவன் மனைவிக்குக் கொடுக்கும் பணத்துக்கு, எவ்வளவு ஆனாலும், நன்கொடை என்ற வகையில் வரி கிடையாது. உறவினர் அல்லாத ஒருவரிடமிருந்து ஓராண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் வந்தால் அது பெற்றவரின் வருமானமாகக் கருதப்படும். அந்த மாதத்துத் தொகை ஐம்பதாயிரத்தை ஒட்டி இருந்ததால் ஆடிட்டர் அதை விடவில்லை. அந்த நண்பரிடமிருந்து அடையாள அட்டை நகலோடு ஒரு கடிதமும், அதே நாளில் என் சம்பள அட்டையிலிருந்து ஏ.டி.எம்.மில் பணம் எடுத்ததற்கான கணக்கு விவரமும் வாங்கிச் சேர்க்க வேண்டியிருந்தது. நல்ல வேளையாக அவர் இன்னும் துபாயில் இருந்தார். வேறொருவர் பெயரில் அனுப்ப நேர்ந்தால், அந்தக் கடிதத்தை அன்றே எழுதி வாங்கி, ரசீதோடு சேர்த்துப் படமெடுத்துவிடுங்கள். வங்கியோ பரிமாற்ற நிறுவனமோ இல்லாமல் ஆள் மூலம், உண்டியல் என்ற வழியில் அனுப்புகிறவர்களுக்கு நான் சொல்ல எதுவும் இல்லை. திர்ஹத்துக்குக் கூடுதல் ரூபாய் கிடைக்கும், வீட்டு வாசலிலேயே பணம் வரும், ஆனால் அது சட்டவிரோதம் என்பதோடு, இப்படி ஒரு கடிதம் வந்தால் காட்டுவதற்கு ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது.

அழிந்துபோன முதல் இருபது மாதக் காலத்துக்கு ஆதாரம் தேடியதில்தான் என் நேரமும் பணமும் போயின. நான் வழக்கமாக அனுப்பிய கிளை மூடப்பட்டிருந்தது, அந்த நிறுவனத்தின் மற்றொரு கிளையில் கேட்டால் தலைமை அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள், அது வேலை நாளில் மட்டுமே திறந்திருக்கும். சம்பளம் பிடித்தம் செய்யப்பட்ட விடுப்பு எடுத்துக்கொண்டு, பேருந்தும் மெட்ரோவுமாகப் போய், சரியான மேசையைக் கண்டுபிடிப்பதற்குள் மனம் வெறுத்துவிட்டது. கடைசியில் ஒரு மூத்த ஊழியர்தான், ஒவ்வொரு ரசீதாக நகல் கேட்காமல் ‘வாடிக்கையாளர் பரிவர்த்தனை அறிக்கை’ என்று தேதி வரம்போடு எழுதிக் கேட்கும்படி சொன்னார். அடையாள அட்டை எண்ணை வைத்து, நான் அனுப்பிய எல்லாம் ஒரே பட்டியலாக, நிறுவன முத்திரையோடு கிடைத்தது. அமீரகத்தில் பணமோசடித் தடுப்பு விதிகளின்படி இத்தகைய பதிவுகளைக் குறைந்தது ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அதனால் 2019 முதல் கிடைத்தது, 2018-இன் மாதங்கள் கிடைக்கவில்லை. அந்த இடைவெளியை என் வேலை ஒப்பந்தத்தின் நகல், கம்பெனி தந்த சம்பளச் சான்று, மனைவியின் வங்கி தந்த முழுக் கணக்கு அறிக்கை ஆகியவற்றைக் கொண்டு அடைத்தோம். ஆடிட்டர் கட்டணம் 9,000 ரூபாய், துபாயில் நகல் கட்டணமும் போக்குவரத்தும், அதோடு இழந்த சம்பளம். இவை எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ ஒரு மாதம் வீட்டுக்கு அனுப்பும் பணத்தில் பாதி.

அந்தச் செலவு கசந்தாலும், பதில் தராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஆடிட்டர் போட்டுக் காட்டிய கணக்கைக் கேட்ட பிறகு நான் முணுமுணுக்கவில்லை. மூலம் விளக்கப்படாத முதலீடு என்று அந்தத் தொகை முடிவு செய்யப்பட்டால், அந்த ஆண்டுக்குப் பொருந்தும் விதிப்படி 60 சதவீத வரி, அதன் மேல் கூடுதல் வரியும் செஸ்ஸும் சேர்ந்து 78 சதவீதம். 10 லட்சத்து 50 ஆயிரத்துக்கு அது 8 லட்சத்து 19 ஆயிரம் ரூபாய். வரியே இல்லாத பணத்துக்கு, வெறும் தாள் இல்லாத காரணத்தால் வரக்கூடிய வரி அது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, உண்மையைச் சொன்னால் சில நாட்கள் வேலையிலும் மனம் நிற்கவில்லை.

ஆடிட்டர் அனுப்பிய பதிலில் ஒரு அட்டவணை இருந்தது: அனுப்பிய தேதி, பரிவர்த்தனை எண், திர்ஹம், ரூபாய், வரவான தேதி, ஆதாரத்தின் பக்க எண். 2020 மார்ச்சுக்குப் பிந்தைய வரிகள் எல்லாம் என் மனைவியின் நோட்டிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டவை. அதற்கு மேல் கேள்வி வரவில்லை. வைப்புத் தொகைக்கான வட்டியைப் பற்றி மட்டும் அவர் ஒன்று எடுத்துச் சொன்னார். நான் கொடுத்த பணத்தில் மனைவி பெயரில் போட்ட வைப்பின் வட்டி, சட்டப்படி என் வருமானத்தோடு சேர்த்துப் பார்க்கப்பட வேண்டியது. இந்தியாவில் எனக்கு வேறு வருமானம் இல்லாததால் வரி ஒன்றும் வரவில்லை என்றாலும் கணக்கில் அது என் பெயரில் காட்டப்பட வேண்டும். வீட்டுச் செலவுக்கு வேண்டியதை மட்டும் மனைவி கணக்குக்கு அனுப்பி, சேமிப்பை என் பெயரில் வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.இ. கணக்கு திறந்து அதில் போட்டால், அந்த வைப்பின் வட்டிக்கு இந்தியாவில் வரியும் இல்லை, பணம் வெளிநாட்டிலிருந்து வந்தது என்பது கணக்கின் தன்மையிலேயே தெரியும் என்றார். இப்போது அப்படித்தான் செய்கிறோம்.

படங்களைப் பாதுகாப்பதில் இரண்டு செய்திகள் மிச்சம் இருக்கின்றன. 2022-இல் என் மனைவியின் கைபேசி தண்ணீரில் விழுந்து போனபோது அதிலிருந்த படங்கள் எல்லாம் போயின, என் கைபேசியிலும் நோட்டிலும் இருந்ததால் தப்பித்தோம். ஒரே கைபேசியில் இருப்பதை இருப்பாகக் கணக்கிடாதீர்கள். இரண்டாவது, ஜெராக்ஸ் கடைக் கணினி. அச்செடுப்பதற்காக அனுப்பிய படம் கடைக்காரரின் கணினியில் அப்படியே தங்கிவிடும், அதில் என் அடையாள எண்ணும் அவள் கணக்கு எண்ணும் இருக்கின்றன. அவள் இப்போது கடைக்காரர் எதிரிலேயே நின்று அழிக்கச் சொல்கிறாள், குப்பைத் தொட்டியிலிருந்தும் அழிக்கச் சொல்கிறாள். அவர் சலித்துக்கொள்கிறாராம், சலித்துக்கொள்ளட்டும்.

இப்போது பலரும் கவுன்டருக்குப் போகாமல் செயலி மூலமே அனுப்புகிறார்கள், ரசீது பி.டி.எஃப். கோப்பாக வருகிறது, மங்கும் தொல்லை இல்லை. ஆனால் செயலிக்குள் நுழைய அமீரகத்து எண்ணுக்குத்தான் கடவு எண் வருகிறது. விசா ரத்தாகி ஊருக்குப் போனதும் சிம் நின்றுவிடும், பழைய ரசீதுகள் செயலிக்குள்ளேயே பூட்டிக்கொள்ளும். அதனால் ஒரேயடியாக ஊர் திரும்பத் தீர்மானித்தவர்கள், அடையாள அட்டையைக் கம்பெனியில் ஒப்படைப்பதற்கு முன்பாக, தாம் பயன்படுத்திய ஒவ்வொரு நிறுவனத்திலும் முத்திரையோடு பரிவர்த்தனை அறிக்கையை வாங்கி, செயலியில் உள்ள கோப்புகளை எல்லாம் இறக்கி, கம்பெனியிடம் சம்பளச் சான்றையும் பெற்றுக்கொண்டு விமானம் ஏறுங்கள். அட்டை கையை விட்டுப் போன பிறகு கவுன்டரில் அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்குவது கடினம்.